‘10 நிமிஷம் லேட்டாகும்’ என்று மட்டும் எழுதினால் போதாது

மென்பொருள் திட்டங்களை ஒருங்கிணைப்பது என் வேலை. அதில் பாதி நேரம் ஆன்லைன் கூட்டங்களில்தான் போகும். ஒரு நாளில் நான்கைந்து கூட்டங்கள் வரிசையாக நிற்கும்போது ஒன்று இழுத்துக்கொண்டால் அடுத்ததற்குத் தாமதமாவதைத் தவிர்க்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் அவசரமாக ஒரு வரி தட்டி அனுப்புகிறோமே, அந்த வரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதைச் சரியாக எழுத நான் கற்றுக்கொண்டது ஒரு கூட்டத்தைக் கெடுத்த பிறகுதான்.

மதியம் 3 மணிக்கு அரை மணி நேரக் கூட்டம். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஆறு பேர் எங்கள் பக்கம், இரண்டு பேர் வாடிக்கையாளர் தரப்பு. புதிய பதிப்பை வெள்ளிக்கிழமை வெளியிடுவதா, தள்ளிவைப்பதா என்று அன்று முடிவு செய்தாக வேண்டும். அதற்கு முந்தைய கூட்டம் முடிகிற பாடாக இல்லை. 2:54க்கு எங்கள் குழுச் சாட்டில் இப்படி எழுதினேன்: “ஸாரி, 10 நிமிஷம் லேட்டாகும், வந்துடறேன்.”

சொன்னபடியே 3:10க்குச் சேர்ந்தேன். ஜூமில் கூட்டத்தைப் போட்டவர் நான். காத்திருப்பு அறையை இயக்கி வைத்திருந்தேன். அதனால் நான் வரும்வரை யாரும் உள்ளே வர முடியவில்லை. கதவைத் திறந்தபோது வெளியே இருந்தது நான்கு பேர். வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர், கூட்டம் ரத்தாகிவிட்டது என்று நினைத்து 3:06க்கே போய்விட்டார். அவர் எங்கள் சாட்டில் இல்லை, என் செய்தி அவருக்குப் போகவே இல்லை. சோதனைக் குழுவைச் சேர்ந்தவர் என் வரியை 3:05க்குப் படித்திருக்கிறார். அங்கிருந்து பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டு வேறு வேலையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவரும் அப்படித்தான். எல்லோரும் சேர்ந்து பேச்சு தொடங்கும்போது 3:17. போனவர் திரும்பவில்லை, அவர் இல்லாமல் முடிவு எடுக்க முடியாது. கூட்டம் மறுநாளுக்குப் போனது.

நான் தாமதமானது பத்து நிமிடம். அதனால் போனது ஒரு நாள். எங்கே பிசகியது என்று அன்று சாயங்காலம் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் ‘10 நிமிஷம்’. எதிலிருந்து பத்து? எழுதிய எனக்கு அது 3 மணியிலிருந்து. படித்தவருக்கு அது படித்த நிமிடத்திலிருந்து. 2:54க்கு உடனே படித்த ஒருவர், 3:04க்கு வந்துவிடுவேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். செய்தி எந்த நேரத்தில் படிக்கப்படும் என்பது அனுப்புகிறவர் கையில் இல்லை. அதனால் இப்போது நான் கடிகார நேரத்தைத்தான் எழுதுகிறேன்: “3:10க்குச் சேருவேன்.” வேறு வேறு நாட்டிலிருந்து சேர்கிறவர்கள் இருந்தால் என் ஊர்க் கடிகாரம் அவர்களுக்கு உதவாது. அங்கே “கூட்டம் தொடங்கி 10ஆவது நிமிடம் சேருவேன்” என்று எழுதிவிட்டால் யாரும் நேரக் கணக்குப் போட வேண்டியதில்லை.

அந்த நேரத்தையும் கொஞ்சம் தாராளமாகச் சொல்வது நல்லது. ஏழு நிமிடம் ஆகும் என்று தோன்றினால் பத்து என்பேன். 3:10 என்று சொல்லிவிட்டு 3:07க்கு வந்தால் யாருக்கும் சிரமமில்லை. 3:05 என்று சொல்லிவிட்டு 3:10க்கு வந்தால், நடுவில் இருக்கிற ஐந்து நிமிடமும் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. அந்த வரியைப் படித்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? காத்திருக்கவா, தொடங்கவா? நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எல்லோரும் காத்திருப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

இதில் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. “நீங்கள் தொடங்கலாம்” என்று எழுதினால் தொடங்கச் சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த ‘லாம்’ அனுமதி மட்டுமே. கூட்டத்தைக் கூட்டியவரோ மூத்தவரோ ‘தொடங்கலாம்’ என்று எழுதினால், இளையவர்கள் அதை ஒரு பண்பான பேச்சாக எடுத்துக்கொண்டு, “பரவாயில்லை, வரட்டும்” என்று உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். “தொடங்கிவிடுங்கள்” என்றால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும். யார் தொடங்குவது என்று பெயரும் சொல்லிவிட்டால் மீதியும் போய்விடும். பெயர் இல்லாவிட்டால் அந்தச் சொல் ஐந்து பேர் நடுவில் அப்படியே நிற்கும்.

எதைத் தொடங்குவது என்பதையும் சொல்ல வேண்டும். நான் இல்லாத பத்து நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் எது, நான் இருந்தே ஆக வேண்டியது எது என்று பிரித்துவிட வேண்டும். அன்றைய கூட்டத்தில் நிலுவையிலுள்ள பிழைகளின் பட்டியலைப் பார்க்க நான் தேவையே இல்லை. வெளியீட்டுத் தேதிக்குத்தான் நான் தேவை. பட்டியலை முதலில் வைத்திருந்தால் நான் வரும்போது தேதியைப் பேசச் சரியாக இருந்திருக்கும்.

மூன்றாவது, கதவு. கூட்டத்தைப் போட்டவர் நீங்கள் என்றால், நீங்கள் இல்லாமல் மற்றவர்கள் உள்ளே போக முடியுமா என்று பாருங்கள். அது முடியாவிட்டால் “தொடங்கிவிடுங்கள்” என்று எழுதியும் பயனில்லை. ஜூமில் பலர் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். இணை ஹோஸ்ட் ஒருவர் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இணை ஹோஸ்டைக் கூட்டம் தொடங்கிய பிறகு, உள்ளே இருந்துதான் நியமிக்க முடியும். உங்களுக்கு முன்பே ஒருவர் கூட்டத்தைத் திறக்க வேண்டுமென்றால், கூட்டத்தைத் திட்டமிடும் பக்கத்தில் Alternative Hosts என்ற பெட்டியில் அவர் மின்னஞ்சலைப் போட்டிருக்க வேண்டும். சாதாரணமாக அவரும் உங்கள் நிறுவனக் கணக்கிலேயே கட்டண உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். டீம்ஸில் நெருக்கடி கொஞ்சம் குறைவு. வழக்கமான அமைப்பில் உங்கள் நிறுவனத்தவர்கள் நேராக உள்ளே போய்விடுவார்கள், வெளியாட்கள்தான் லாபியில் நிற்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சக ஊழியர் பெரும்பாலும் அவர்களை உள்ளே விட முடியும். ஆனால் அது தன் வேலை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் 2:54க்கு உட்கார்ந்து மாற்ற முடியாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் போடும்போதே மாற்று ஹோஸ்ட் ஒருவரைச் சேர்த்துவிடுகிறேன். தாமதம் வரும் நாளில் குறிப்பில் அவர் பெயரை எழுதினால் மட்டும் போதும்.

அப்புறம், யாருக்குப் போனது என்கிற கேள்வி. குழுச் சாட் கைக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக அதில் எழுதிவிடுகிறோம். அழைப்பிலுள்ள எல்லோரும் அதில் இருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. கூட்டத்துக்குள் இருக்கும் சாட்டில் எழுதினாலும், காத்திருப்பு அறையில் நிற்பவருக்கு அது தெரியாது. நாட்காட்டி அழைப்பிலிருந்தே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். ஆனால் கூட்டத்துக்கு இரண்டு மூன்று நிமிடமே இருக்கும்போது எல்லோரும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது. அந்த நேரத்தில் நான் மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, வெளியாட்களுக்கு மட்டும் தனியாகக் கைப்பேசியில் ஒரு செய்தி போடுகிறேன்.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. பூட்டிய திரையில் செய்தியின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். தமிழில் வினை கடைசியில் வருகிறது, காரணம் முன்னால் வருகிறது. “தவிர்க்க முடியாத காரணத்தால் முந்தைய கூட்டம் நீண்டுகொண்டிருப்பதால் இன்று மாலை நடைபெறவிருக்கும்…” என்று தொடங்கினால் திரையில் தெரிவது காரணம் மட்டும்தான். எத்தனை மணிக்கு வருகிறேன் என்பது மறைந்துபோகும். கூட்டமே ரத்து என்றுகூட ஒருவர் அதைப் படிக்கலாம். அதனால் நேரத்தை முதல் சொல்லாக வைக்கிறேன். சின்ன வாக்கியமாக அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். மன்னிப்பு கடைசியில், ஒரு தடவை. காரணம் அரை வரி போதும். சொந்த விஷயமென்றால் அதுவும் வேண்டாம்.

அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இது (பெயர் மட்டும் மாற்றியிருக்கிறேன்):

“3:10க்குச் சேருவேன். 3 மணிக் கூட்டம் சரியாகத் தொடங்கும். கவிதா, நீங்கள் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டு, பிழைப் பட்டியலிலிருந்து தொடங்கிவிடுங்கள். வெளியீட்டுத் தேதியை நான் வந்ததும் பேசலாம். முந்தைய கூட்டம் நீள்கிறது, மன்னிக்கவும்.”

இதை அடிக்க ஒரு நிமிடம் ஆகும். நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் கவனம் சிதறுமே என்று தோன்றினால், “ஒரு நிமிடம், அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிவிடுகிறேன்” என்று வாய்விட்டே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதெல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பல நேரங்களில் அதைக் கேட்டதுமே அந்தக் கூட்டமும் வேகமாக முடிந்திருக்கிறது.

நீங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் இல்லை, எட்டுப் பேரில் ஒருவர் மட்டும்தான் என்றால் இவ்வளவு தேவையில்லை. நடத்துகிறவருக்கு மட்டும், “3:10க்குச் சேருவேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், என் பகுதியைக் கடைசியில் வையுங்கள்” என்று எழுதினால் முடிந்தது. எல்லோருக்கும் அனுப்பி ஏழு பேரின் கைப்பேசியை ஒலிக்கவைக்க வேண்டாம். ஆனால் முதலில் பேச வேண்டியவர் நீங்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்வது அவசியம். நிகழ்ச்சி வரிசையை மாற்ற அவருக்கு நேரம் வேண்டும்.

சில கூட்டங்களுக்கு இந்தக் குறிப்பு எப்படி எழுதினாலும் பொருந்தாது. 15 நிமிடக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதம் என்றால் மிச்சம் ஐந்துதான். அதில் முடிவெடுக்கப்போவதும் நீங்கள்தான் என்றால், “3:15க்கு மாற்றலாமா?” என்று கேட்பதே நியாயம். இருவர் மட்டும் பேசுகிற கூட்டத்துக்கும் அதே கதைதான். அங்கே “தொடங்கிவிடுங்கள்” என்று யாரிடம் சொல்வது?

சொன்ன 3:10ஐத் தாண்டும் என்று 3:06க்கே தெரிந்துவிட்டால், அப்போதே இரண்டாவது குறிப்பு போய்விட வேண்டும். 3:12க்கு அனுப்புவதில் பயனில்லை. அந்த இரண்டாவது குறிப்பில் இன்னொரு நேரத்தைச் சொல்ல மாட்டேன். ஒரு முறை தவறிய கணக்கு மறுபடியும் தவறலாம். முடிவை அவர்களிடம் விட்டுவிடுவேன்: “3:10க்கு முடியவில்லை. எனக்காக வைத்திருந்ததையும் பேசிவிடுங்கள். தேதி பற்றி என் கருத்து: பிழைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் தள்ளிவைக்கலாம். கவிதா முடிவு செய்யட்டும்.” இந்த மாதிரி ஒரு குறிப்பு அனுப்பி, நான் சேராமலே முடிந்த கூட்டங்கள் உண்டு. எதையும் மறுநாளுக்குத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

சொன்ன நேரத்துக்குச் சேர்ந்துவிட்டால், மைக்கை அணைத்தபடி உள்ளே போவேன். “மன்னிக்கவும், மன்னிக்கவும்” என்று நடுவில் புகுந்து பேசுகிறவரை நிறுத்துவதில்லை. மன்னிப்பைக் குறிப்பிலேயே கேட்டாயிற்று. சாட்டில் ‘வந்துவிட்டேன்’ என்று மட்டும் போடுவேன். கவிதா பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு, இதுவரை பேசியதை இரண்டு வரியில் சொல்வார். அங்கிருந்து நான் தொடர்வேன்.