பக்கத்து பெட்டுக்கும் பொருந்துகிற கேர் பிளான்

நர்சிங் படித்தவர்களுக்கு சீனியர் ரெக்கார்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன கவனிப்பு என்று திட்டமிட்டு எழுதுகிற கேர் பிளான்களைச் சீனியர் எழுதி முடித்து, ஜூனியர்கள் பார்த்துக் காப்பியடிக்கிற நோட்டு அது. பிரவுன் அட்டை கழன்று, நாலு பேட்ச் கை மாறி, ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் பத்திரமாகக் கிடக்கும். நானும் ஒன்று வைத்திருந்தவள்தான், இப்போது சிவப்புப் பேனா பிடித்துத் திருத்துகிற பக்கம் வந்துவிட்டேன், அவ்வளவே. போன வருஷம் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியிடம் "இது யாரோட கேர் பிளான்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடம், எல்லாருக்கும் அதே டயக்னோசிஸ்தானே, வேற எப்படி எழுத முடியும்?" என்றாள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் அந்தப் பக்கத்தின் கட்டங்களிலேயே இருக்கிறது.

நம் ஊர் கேர் பிளான் பக்கத்தில் வழக்கமாக ஏழெட்டுக் கட்டங்கள் இருக்கும்: நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, நர்சிங் டயக்னோசிஸ், இலக்கு, திட்டமிட்ட கவனிப்பு, அதற்கான காரணம், செய்தது, கடைசியில் மதிப்பீடு. இந்தக் கட்டங்கள் யாருடைய சொத்தும் இல்லை. டயக்னோசிஸ் பெயரையும் நாமாக யோசித்து வைப்பதில்லை. 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நர்சுகள் கூடி, நர்ஸ் கவனிக்கிற பிரச்சினைகளுக்குப் பொதுப்பெயர் வைக்க ஆரம்பித்தார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் நாம் நாண்டா என்று சொல்லும் பட்டியல். சளியை வெளியே தள்ள முடியாமல் திணறுகிற ஒருவருக்கு மதுரையிலும் மணிலாவிலும் "இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ்" என்று ஒரே மாதிரி எழுதினால்தான் அடுத்த ஷிஃப்ட் நர்சுக்குப் புரியும். இதில் சொந்த நடையைக் காட்டப் போனால் தப்பு.

ஆனால் அந்த டயக்னோசிஸ் வரி பெயரோடு முடிவதில்லை. பிரச்சினை, அது எதனால் வந்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று மூன்று துண்டு. முதல் துண்டு பட்டியலிலிருந்து வருகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் எழுத முடியும். காப்பி மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்தப் பெண்ணின் நோயாளிக்கு அறுபது வயதுக்கு மேல், முப்பது வருஷம் பீடி, சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். காலில் வீக்கம் வேறு. சீனியரின் ரெக்கார்டில் இருந்தவரோ இருபத்தெட்டு வயதுக்காரர், நிமோனியா. இரண்டு பேருக்கும் சளி, இரண்டு பேருக்கும் இருமல், டயக்னோசிஸ் பெயரும் ஒன்றே. அதனால் இவள் பெயரையும் வயதையும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே இறக்கியிருந்தாள். இலக்கு: "ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும்." கவனிப்பு: "நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் குடிக்க ஊக்குவித்தல்."

நிமோனியா இளைஞருக்கு இரண்டுமே சரி. இந்தப் பெரியவருக்கு இரண்டுமே தப்பு.

ஏன் தப்பு என்றால், சிஓபிடி நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்று சரியாகப் போகாது. அங்கே ஆக்சிஜன் குறைவதால் அந்தப் பகுதி ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, காற்று நன்றாக வந்துபோகிற பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. நாம் தாராளமாக ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் சுருங்கிய குழாய்கள் தளர்ந்து, ரத்தம் மறுபடி அந்த மோசமான பகுதிக்குப் போகும். அங்கே கரியமில வாயு வெளியேற வழியில்லை, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். மானிட்டரில் 98 என்று அழகாகக் காட்டும், ஆள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கி வழிய ஆரம்பிப்பார். சிஓபிடி உள்ள எல்லாருக்கும் இப்படி ஆகாது என்றாலும், ஆகக்கூடியவர்களுக்கு 88-லிருந்து 92-க்குள் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். தண்ணீர் விஷயம் இன்னும் எளிது: கால் வீக்கத்துக்காக ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார். அதே பெட்டில் தொங்கிய இன்டேக் அவுட்புட் சார்ட்டிலும் அது இருந்தது.

நான் கண்டுபிடித்தது இந்த இலக்கை வைத்துக்கூட இல்லை. மதிப்பீட்டுக் கட்டத்தில் "மூச்சு நிமிடத்துக்கு 18, இலக்கு நிறைவேறியது" என்று இருந்தது. காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கிற டிபிஆர் சார்ட்டில் அன்று காலை மூச்சு 28, மதியம் 26. முதல் நாள் ராத்திரியே மதிப்பீடு வரை எழுதி முடித்துவிட்டு மறுநாள் வார்டுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். உண்மையில் பார்த்து எழுதிய மதிப்பீடு இவ்வளவு சுத்தமாக இருக்காது, பாதி நிறைவேறியது, இன்னும் இருக்கிறது, நெபுலைசேஷன் கொடுத்த பிறகு கொஞ்சம் சளி வந்தது என்று இழுத்துக்கொண்டே போகும்.

நடுவில் கொஞ்சம் குழப்பமான கட்டங்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். சாய்ந்து உட்கார வைத்தால் உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரிய இடம் கிடைக்கும் என்கிற காரணம் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதான், அதை எடுத்துக்கொண்டு எந்தப் புத்தகம் என்று எழுதிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்கிற பிரேடன் ஸ்கேல் மாதிரி ஆஸ்பத்திரி படிவங்களும் அப்படித்தான், ஆறு கேள்விகளையும் அப்படியே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், மதிப்பெண் மட்டும் நீங்கள் அந்த முதுகைத் திருப்பிப் பார்த்துப் போட்டதாக இருக்க வேண்டும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு எழுதியதை, "கேஸ் ஷீட்டில் உள்ளபடி" என்று குறித்து எடுத்தால் அது தகவல். அதையே உடல் பரிசோதனைப் பக்கத்தில் தான் கேட்ட மாதிரி எழுதினால் பொய், சீனியரிடமிருந்து எடுக்காவிட்டாலும் பொய்தான்.

டைப் செய்து வாங்குகிற கல்லூரிகளில் டர்னிட்டின் போன்ற மென்பொருளில் போட்டு, இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். அது சொற்றொடர்களைத்தான் ஒப்பிடும், நோயாளியை அதற்குத் தெரியாது. கட்டத் தலைப்புகள், நாண்டா பெயர்கள், படிவக் கேள்விகள் எல்லாம் சேர்ந்து நேர்மையாக எழுதியவளுக்கும் சதவீதத்தை ஏற்றிவிடும். "ஊக்குவித்தல்" என்பதை "வலியுறுத்தல்" என்று மாற்றிக்கொண்டே போனவளுக்குச் சதவீதம் இறங்கிவிடும், அந்த மூன்று லிட்டர் மட்டும் அப்படியே நிற்கும்.

அதனால் நான் செய்வது ஒன்றுதான். நோயாளியின் பெயரையும் வயதையும் விரலால் மறைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து பெட் ஆளுக்குப் படித்துப் பார்ப்பேன். தலைப்புகளும் டயக்னோசிஸ் பெயரும் பொருந்தினால் பரவாயில்லை. நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, இலக்கு, மதிப்பீடு ஆகிய நாலும் பொருந்தினால் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெண் மறுநாள் வேறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். டயக்னோசிஸ் பெயர் அதேதான், கட்டங்களும் அதேதான். முதல் கட்டத்தில், "விடிகாலை நாலு மணிக்கு இருமல் வந்தா, கட்டிலை விட்டு இறங்கி ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னாத்தான் சளி வெளிய வருது" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். கவனிப்பு கட்டத்தில், ராத்திரி டூட்டி சிஸ்டருக்கு ஒரு குறிப்பு: நாலு மணிக்கு முன்பே இவரை எழுப்பி, கால்களைத் தொங்கப்போட்டு, மேசைமேல் தலையணை வைத்து முன்னால் சாய்ந்து உட்கார வைக்கவும்.