குட்டைக்குத் தண்ணீர் எப்போது வரும்? எட்டு மணி விவாதத்தில் பதில் தொலையும் விதம்

அன்னூர் பக்கம் என் மாமா வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பற்றிய விவாதம். திரையில் ஆறு சதுரங்கள், ஆறு முகங்கள், நடுவில் நெறியாளர். மாமாவுக்கு ஐந்து ஏக்கர் தோட்டம், பக்கத்தில் ஊர்க் குட்டை. கால் மணி நேரம் உற்றுக் கேட்டவர், சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மாப்ளே, பவானில தண்ணி மிச்சமாப் போகுதுங்கறாங்க. நம்ம குட்டைக்கு எப்ப வரும், எவ்வளவு வரும்னு ஒருத்தருமே சொல்லலையே?"

பதில் தெரிந்தவர் அந்தத் திரையிலேயே இருந்தார். பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். கோவையிலிருந்து இணைப்பில் பேசினார். ஒரு வாக்கியத்தைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. அது அவருடைய தப்பில்லை. குறுக்கே பேசியவர்களின் குணத்தை மட்டும் சொல்லியும் பயனில்லை. அந்த நிகழ்ச்சி கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே கூச்சல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் மாமாவின் கேள்விக்கு என்ன பதில் என்று பார்த்துவிடுவோம். பதிலின் நீளம் தெரிந்தால்தான் விவாதம் அதை என்ன செய்கிறது என்பது புரியும்.

2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட இந்தத் திட்டம், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரை மட்டுமே எடுக்கிறது. ஆற்றில் உபரி இல்லாத நாளில் எடுக்கக் கூடாது. எடுக்கும் அளவு விநாடிக்கு 250 கன அடி. 70 நாள் ஓடினால் 1.5 டிஎம்சி. அதை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிக்க வேண்டும். சராசரி போட்டால் ஒரு குளத்துக்கு விநாடிக்கு ஏழு லிட்டருக்கும் சற்றுக் குறைவு, அதாவது ஒரு குடம் நிறைய இரண்டு விநாடி. தண்ணீர் தானாக வருவதில்லை. பவானி தொடங்கி நல்லாகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, கடைசியில் அன்னூர் என்று ஆறு நீரேற்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டுக்குத் தள்ளுகின்றன. இடையில் ஒன்று நின்றால் அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு வராது. மாமாவின் குட்டை அந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது.

இதை நிதானமாக வாய்விட்டுச் சொன்னால் இரண்டு நிமிடம் ஆகும். நான்கு படிகள்: உபரி மட்டும், இவ்வளவு வேகம், இத்தனை பங்கு, இந்த வரிசை. ஒவ்வொரு படியும் முந்தியதன் மேல் நிற்கிறது. இரண்டாவது படியில் யாராவது வெட்டினால், மறுபடி வாய்ப்பு வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் கேட்பவருக்கு மூன்றாவது படி தொங்கலில் நிற்கும்.

இப்போது விவாதத்தின் கணக்கு. ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 12 நிமிடம் வரை போகலாம் என்பது விதி. மீதி 48. நெறியாளரின் முன்னுரை, கேள்விகள், இடையில் வரும் செய்தித் துணுக்குகள் எல்லாவற்றுக்கும் 12 நிமிடம் வைத்தால் 36. ஆறு பேருக்கு ஆளுக்கு ஆறு நிமிடம் வரும். இரண்டு நிமிட விளக்கத்துக்கு ஆறு நிமிடம் தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு நிமிடம் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. ஆறு முகமும் திரையில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் முப்பது, நாற்பது விநாடித் துண்டுகளாகச் சுற்றி வருகிறது. "தரவில்லை", "துரோகம்", "உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள்" ஆகியவை முப்பது விநாடிக்குள் அடங்கும். நான்கு படி விளக்கம் அடங்காது.

இது நேரத்தின் கதை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மாறி மாறிப் பேசும் முறை இணைப்பில் உடைந்து போவது.

நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எவ்வளவு இடைவெளி விடுகிறோம்? 2009இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளில் இதை அளந்தது. தமிழ் அதில் இல்லை; ஜப்பானியம், கொரியம், லாவோ, டேனிஷ் போன்றவை இருந்தன. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும் சராசரி ஏறக்குறைய 0.2 விநாடி. கண் இமைக்கும் நேரத்தைவிட அதிகம் இல்லை. அடுத்தவர் முடிக்கப் போவதை முன்கூட்டியே ஊகித்துத்தான் நாம் பேசத் தயாராகிறோம். ஒரு விநாடி மௌனம் வந்துவிட்டால், பதில் சொல்லத் தயங்குகிறார், எதையோ மறைக்கிறார் என்று மனம் எடுத்துக்கொள்ளும்.

கோவையிலிருந்து பேசும் பொறியாளரின் குரல் எப்படிப் போகிறது? நேரலைக் கருவிகள் கொண்ட ஓபி வேன் வழியாகப் போனால், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு பக்கத்துக்கு கால் விநாடி. வேன் இல்லாத இடங்களில், பல சிம் கார்டுகளைச் சேர்த்துப் படத்தை அனுப்பும் முதுகுப்பையோ வீடியோ அழைப்போதான். பையில் படம் திக்காமல் இருக்க ஒரு விநாடி, சில நேரம் அதற்கு மேலும் தேக்கி வைத்து அனுப்புவார்கள்.

கணக்குப் போடுவோம். சென்னையில் நெறியாளர் கேள்வியை முடிக்கிறார். அது கோவைக்குப் போய்ச் சேர கால் விநாடி. பொறியாளர் வழக்கம்போல் 0.2 விநாடியில் பேசத் தொடங்குகிறார். அவர் குரல் சென்னைக்கு வர ஒரு விநாடி. மொத்தம் 1.45 விநாடி. சென்னை ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு விருந்தினருக்கு இது நீண்ட மௌனம். ஒரு விநாடி ஆனதுமே, "இதுக்குப் பதில் இருக்காதுங்க" என்று அவர் உள்ளே நுழைந்துவிடுகிறார். அது கோவைக்குப் போய்ச் சேரும்போது பொறியாளர் நல்ல நம்பிக்கையோடு தன் முதல் வாக்கியத்தின் பாதியில் இருக்கிறார். காதில் வேறொரு குரல் விழுந்ததும் நிறுத்துகிறார். பொறியாளர் பேசிய பாதி வாக்கியம் தாமதமாகச் சென்னைக்கு வந்து சேர்ந்ததும் ஸ்டுடியோவில் இருப்பவரும் நிறுத்துகிறார். இருவரும் மௌனம். இருவரும் மறுபடி சேர்ந்து தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், அடிக்கடி வரும் விருந்தினர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: என்ன கேட்டாலும் நிறுத்தாதே.

நிறுத்தாமல் பேசினால் குரல் ஏறும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்ட் 1911இல் விவரித்தார். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே வந்த பின்னும் கொஞ்ச நேரம் சத்தமாகவே பேசுவார்கள். விவாதத்தில் அந்தத் தறிச்சத்தம் இயர்பீஸ் வழியாக நேராகக் காதுக்குள் இறங்குகிறது. ஐந்து பேரின் குரலும் ஒரே காதில். ஒருவர் உயர்த்தினால் மற்ற ஐவரின் காதிலும் இரைச்சல் கூடும், அவர்களும் உயர்த்துவார்கள். யாரும் கோபப்படாமலேயே சில விநாடிகளில் சந்தைக்கடை ஆகிவிடும்.

இதை அடக்கும் வழி நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. பிசிஆர் என்பார்கள். அங்கே ஒலிப்பொறியாளரின் கைக்குக் கீழே ஒவ்வொரு மைக்குக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடர் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவற்றைக் கீழே இறக்கினால் போதும். வேண்டும்போது அதைச் செய்யவும் செய்கிறார்கள். நெறியாளர் ஒருவரை மடக்கும்போது அந்த விருந்தினரின் வாய் மட்டும் அசைந்து குரல் மெலிவதைக் கவனித்துப் பாருங்கள். ஆறு குரலும் சேர்ந்து முழுச் சத்தத்தில் நம் வீட்டுக்கு வருகிறது என்றால், ஃபேடரை இறக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படி வரும் ஆறு குரலிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க நம் காதால் ஏன் முடிவதில்லை? கல்யாணப் பந்தியில் இதைவிட இரைச்சல் இருக்கும். ஆனாலும் எதிர் இலைக்காரர் சொல்வது கேட்கிறது. அங்கே ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு திசையிலிருந்து வருகிறது. இரண்டு காதுக்கும் இடையே ஒலி சேரும் நேரத்தில் வரும் நுண்ணிய வித்தியாசத்தை வைத்து மூளை குரல்களை இடம் பிரித்து வைக்கிறது. காலின் செர்ரி என்பவர் 1953இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஆள் பேசிய இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் கொடுத்தார். கேட்டவர்கள் கண்ணை மூடி, திரும்பத் திரும்ப ஓட்டித்தான் பிரித்தார்கள். அதே செய்திகளை வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று என்று கொடுத்ததும் சுலபமாகிவிட்டது. டிவி பெட்டியில் ஆறு குரலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. திரையில் சதுரங்கள் தள்ளித் தள்ளி இருந்தாலும் காதுக்கு எல்லாரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு ஃபோனில் இரண்டு செய்தி வாசிப்பை ஓடவிட்டு, ஒன்றை உங்கள் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒன்றைப் பின்தொடர முடியும். பிறகு இரண்டையும் எதிரே ஒட்டி வையுங்கள். தடுமாற்றம் உடனே தெரியும். மாமா வீட்டில் இதைச் செய்தபோது அத்தை ஃபோன்களைத் தள்ளித் தள்ளி வைத்து, எந்த இடத்தில் புரியத் தொடங்குகிறது என்று தானே கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ஏன் சேனல்கள் ஃபேடரை இறக்குவதில்லை? அமெரிக்காவில் டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. நடிகர்களை வேட்பாளர்களாக வைத்து, ஒரே வாதங்களை இரண்டு விதமாகப் படம் எடுத்தார்கள். ஒன்றில் பொறுமையாகக் கேட்டுப் பேசுவார்கள். மற்றதில் குறுக்கிடுவார்கள், சலித்துக்கொள்வார்கள். மரியாதை குறைந்ததைப் பார்த்தபோது பார்வையாளர்களின் தோலில் மின்கடத்தல் கூடியது; உடல் விழித்துக்கொண்டதன் அடையாளம் அது. அரசியல்வாதிகள் மீதும் அமைப்புகள் மீதும் இருந்த நம்பிக்கையோ குறைந்தது. வாதம் ஒன்றுதான், மாறியது தோரணை மட்டும்.

நம் ஊரில் பார்வையாளர் எண்ணிக்கையை பார்க் அமைப்பு அளக்கிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில், 2020 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 44,000 வீடுகளில், ஒரு கருவி இருக்கும். எந்த சேனல் ஓடுகிறது என்பதை அந்த சேனலின் ஒலியில் மறைத்து வைத்த குறியை வைத்துக் கண்டுகொள்ளும். விழித்துக்கொண்ட உடம்பு ரிமோட்டைத் தேடாது. அந்த நிமிடம் கணக்கில் ஏறும். குட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்று வீட்டில் யாருக்காவது புரிந்ததா என்பதைக் கருவி கேட்பதில்லை. செலவையும் சேர்க்க வேண்டும். ஆறு நீரேற்று நிலையத்துக்கும் நிருபரையும் கேமராக்காரரையும் அனுப்பினால் இரண்டு நாள், வண்டி, பெட்ரோல். ஆறு பேரை இணைப்பில் கொண்டுவர ஃபோன் போட்டால் போதும்.

எல்லாரையும் ஒரே ஸ்டுடியோவில் உட்கார வைத்தால் தாமதம் போய்விடும். முறை வைத்துப் பேசுவது தானாகவே கொஞ்சம் திரும்பும். ஆனாலும் முப்பது விநாடித் துண்டு அப்படியேதான் இருக்கும். பொறியாளருக்கு முதலில் இரண்டு நிமிடம் தனியாகக் கொடுத்து, அந்த நேரம் மற்ற ஃபேடர்களை இறக்கி வைத்து, பிறகு அரசியல்வாதிகளைக் கேட்டால் விவாதமே வேறு மாதிரி போகும். அவர் சொன்ன எண்ணின் மேல்தான் அவர்கள் சண்டை போட வேண்டியிருக்கும்: 250 கன அடி போதுமா, உபரி இல்லாத வருஷத்தில் என்ன செய்வது, கடைசிக் குட்டைக்கு முதலில் தரலாமா என்று.

அன்று ராத்திரி டிவியை நிறுத்திவிட்டு மாமாவுக்கு அந்த நான்கு படியையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் காலண்டரின் பின்பக்கத்தில் பேனாவால் ஆறு வட்டம் போட்டு, கடைசி வட்டத்துக்கு அப்பால் குட்டை என்று எழுதினார்.

"அப்ப எம்மாம்பூண்டில மோட்டார் ஓடுதான்னு கேட்டாத் தெரிஞ்சுரும்ங்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் போட்டார்.