முன்பின் தெரியாதவருக்கு எழுதும் முதல் மூன்று வரிகள்

பினாங்கில் வேலை ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இறுதியாண்டு மாணவர்கள். போன ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு மாணவி வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பதினொரு பேருக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. "என் மதிப்பெண் குறைவு என்று நினைக்கிறார்களோ, சார்?" என்று கேட்டார். மடலை வாங்கிப் படித்தேன். மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மடல் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் தொடக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். நான் இறுதியாண்டு மாணவி." அதன் பிறகு படிப்பு விவரம் இரண்டு பத்தி. கடைசியில்தான், "எனக்குத் தக்க வழிகாட்டி உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்."

அதே மடலை அவருடைய கைப்பேசிக்கே அனுப்பச் சொன்னேன். வந்ததும் திறக்காமல், பட்டியலில் எப்படித் தெரிகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதன் கீழே முதல் வரியின் ஒரு துண்டு. அந்தத் துண்டில் இருந்தது "ஐயா அல்லது அம்மா, நலமாக இருப்பீர்கள்" என்பது மட்டும். விற்பனைக்காரர் எழுதினாலும் அந்தத் துண்டு அப்படித்தான் இருக்கும். தனக்கென்று எழுதிய மடல் என்று பெறுபவருக்குத் தெரிய வழியே இல்லை. நீங்களும் அனுப்புவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், அரை நிமிடம் போதும்.

சிலர் திறந்து படித்திருக்கவும் கூடும். அவர்களை நிறுத்தியது "வழிகாட்டி உதவுங்கள்" என்ற கோரிக்கைதான். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, பதில் போட்டால் அடுத்து என்ன கேட்பார், வேலை கேட்பாரோ என்றெல்லாம் யோசிக்க வேண்டிய பாரம் பெறுபவர் தலையில் விழுகிறது. நம் ஊரில் "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பலருக்குக் கூச்சம். அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்த அப்புறம் வராது.

பதினொரு பேரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டோம். மாணவியின் வளாகத்தில் வந்து பேசிய ஒரு சோதனைப் பொறியாளர் அவர். அவர் பேசியதில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். மாணவி தயங்காமல் சொன்னார்: சோதனையில் தோற்றுப்போகும் சில்லுகளில் சில உண்மையில் நல்ல சில்லுகளாகவே இருக்குமாம். சில்லைப் பொருத்தும் சாக்கெட்டின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்தால் மின் தொடர்பு சரியாகக் கிடைக்காமல், நல்லதும் கெட்டது என்று ஒதுக்கப்பட்டுவிடுமாம். இவ்வளவு கவனமாகக் கேட்டவர் மடலில் அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அதிலிருந்தே தொடங்கினோம்.

"வணக்கம். எங்கள் வளாகத்தில் நீங்கள் பேசியபோது, தொடுமுனை அழுக்கால் நல்ல சில்லுகளும் தோற்பதைச் சொன்னீர்கள். என் இறுதியாண்டுத் திட்டம் அதைப் பற்றித்தான். இந்தத் துறைக்கு வர விரும்பும் ஒருவர், சோதனைத் தரவைப் படிக்க முதலில் கற்க வேண்டுமா, சோதனைக் கருவியை இயக்க முதலில் கற்க வேண்டுமா? ஒரு வரியில் சொன்னாலும் எனக்குப் போதும். நேரம் அமையாவிட்டால் பரவாயில்லை."

முதல் வரி, ஏன் இவருக்கு எழுதுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. வேறு யாருக்கும் அதை அனுப்ப முடியாது. கேள்வி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லும் அளவில் இருக்கிறது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டை விரலாலேயே பதில் தட்டிவிடலாம். தன்விவரக் குறிப்பை இணைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இணைத்தால் கேள்வி கேட்கும் மடல் விண்ணப்பமாகிவிடும், பெறுபவர் மனிதவளப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்.

கடைசி வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டில் நிக்கோலா கேகன், அலெக்சாந்தர் பாஸ்குவால் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வழியில் போகிறவரிடம் பேருந்துக்குச் சில்லறை கேட்பதுதான் சோதனை. வெறுமனே கேட்டபோது நூற்றில் 10 பேர் கொடுத்தார்கள். "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்று சேர்த்துக் கேட்டபோது ஏறக்குறைய 48 பேர். இதை மட்டும் படித்துவிட்டு அந்த வாக்கியத்தை மந்திரம் போல நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் 2013-இல் இதுபோன்ற 42 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உடனே முடிவு சொல்ல வேண்டாத இடத்தில் பலன் குறைவதாகத் தெரிந்தது. மின்னஞ்சல் அப்படிப்பட்ட இடம்தான். அதனால் பதிலை இழுத்து வரும் தந்திரமாக அதைச் சொல்லித்தர மாட்டேன். மறுக்க விரும்புகிறவருக்குக் குற்ற உணர்வு இல்லாமல் ஒரு வழி விட்டுவைக்கிறது, அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

அப்படியென்றால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். "பரவாயில்லை" என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் "என் மடலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். "முன்கூட்டியே நன்றி", "வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது" போன்றவையும் மரியாதை உடையில் வரும் நெருக்கடிகள்தான். அளவுக்கு மீறிய புகழ்ச்சியும் அப்படித்தான், வாங்கிக்கொண்டவருக்கு அது கடனாகத் தெரியும். இன்னொன்று: "உங்கள் விருப்பம்" என்று அப்படியே தமிழில் எழுதினால் கோபித்துக்கொண்டது போலத் தொனிக்கும். "நேரம் அமையாவிட்டால் பரவாயில்லை" என்பதில் அந்த உறுத்தல் இல்லை. இடமும் முக்கியம். கேள்விக்கு முன்னால் வைத்தால், கேட்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

பதினொரு மடல்களில் மூன்றில் "ஐயா அல்லது அம்மா" என்பதற்குப் பதிலாகப் பெயர் சொல்லி விளித்திருந்தார், அதிலும் தவறு இருந்தது. மலாய்ப் பெண் ஒருவரை "பிந்தி"க்குப் பின்னால் வரும் பெயரால் அழைத்திருந்தார், அது அவருடைய தந்தையின் பெயர். புவான் என்று எழுதி அவருடைய சொந்தப் பெயரைச் சேர்த்தால் போதும். சீனப் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் முதலில் வரும், கடைசிச் சொல்லால் விளிப்பது பொருந்தாது. நம்மவர் பெயரில் "அனாக் லெலாக்கி"க்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர் என்பது நமக்கே தெரியும், ஆனாலும் மின்னஞ்சலில் மறந்துவிடுகிறோம். டத்தோ பட்டம் உள்ளவருக்கு அதை விடக் கூடாது. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப் பெயரை எழுதி வணக்கம் சொல்லிவிடலாம்.

மற்ற பத்துப் பேரில் நால்வரைப் பற்றித்தான் இப்படிக் குறிப்பாக எழுத மாணவியிடம் ஏதாவது இருந்தது. மீதிப் பேருக்கு மீண்டும் எழுத வேண்டாம் என்றேன். சொல்ல ஒன்றும் இல்லாதவரிடம் தொடக்க வரியை எவ்வளவு செதுக்கினாலும் பயன் இல்லை. ஆக ஐந்து மடல்கள் போயின. இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர் தனக்கு நேரமில்லை என்று சொல்லி, தன் சக ஊழியரைக் கேட்கச் சொன்னார். சோதனைப் பொறியாளர் எழுதியது இரண்டே வரி: "தரவை முதலில் படியுங்கள். கருவியை இங்கே வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்."

மாணவி அன்று மாலையே எனக்கு அழைத்தார். இப்போது இண்டர்ன்ஷிப் கேட்டுவிடலாமா என்றார். அன்றைக்கு நன்றி மட்டும் சொல்லி, எந்தத் தரவை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறார் என்பதை ஒரு வரியில் எழுதச் சொன்னேன். எழுதினார். அந்த மடலில் கேள்வி எதுவும் இல்லை, ஆனாலும் அதற்கும் பதில் வந்தது: "படித்ததில் புரியாதது இருந்தால் கேளுங்கள்."