ஸ்மால் கேப் ஃபண்ட் பெருத்தால் என்ன ஆகும்?

அவினாசி பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் பங்குச் சந்தையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைதான். மொத்தச் சந்தை மதிப்பு 2,000 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் குடும்பத்தார் கையில் இருக்கிறது, அவர்கள் விற்கப்போவதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 4 கோடி ரூபாய்க்குப் பங்குகள் கைமாறுகின்றன. கடன் குறைவு, ஆர்டர் நிறைய. சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால் கேப் ஃபண்டின் மேலாளர் தேடிக்கொண்டிருப்பதே இப்படி ஒரு பங்கைத்தான்.

500 கோடி வைத்திருக்கும் ஒரு சின்ன ஃபண்ட் தன் பணத்தில் 2 சதவீதத்தை, அதாவது 10 கோடியை இதில் போட நினைக்கிறது. விலையைக் கிளப்பாமல் வாங்க வேண்டுமென்றால், அன்றன்றைய வர்த்தகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தினம் 80 லட்சம் என்று வாங்கினால் 13 வர்த்தக நாளில் வேலை முடிந்துவிடும். பங்கு இரட்டிப்பானால் ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பான என்ஏவி 2 சதவீதம் கூடும்.

இப்போது அதே மேலாளரிடம் 30,000 கோடி சேர்ந்துவிட்டது. அதே 2 சதவீதம் என்றால் 600 கோடி. நிறுவனத்தில் 30 சதவீதம்! இது முடியவே முடியாது. ஒரு ஃபண்ட் நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்துகூட, ஒரு கம்பெனியின் வாக்குரிமைப் பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதிப்பதில்லை. ஆக, உச்சவரம்பு 200 கோடி. தினம் 80 லட்சம் வீதம் வாங்கினால் 250 வர்த்தக நாள், ஏறக்குறைய ஒரு வருடம். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பங்கு இரட்டிப்பானாலும் என்ஏவிக்குக் கிடைப்பது 0.67 சதவீதம்தான்.

பொறுமை இல்லாமல் அவசரப்பட்டால்? ஈரோடு மஞ்சள் ஏலத்தில் பெரிய வியாபாரி ஒருவருக்குச் சரக்கு கட்டாயம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் என்ன நடக்குமோ, அதேதான். சந்தை ஆய்வாளர்கள் இதற்கு ஒரு தோராயமான விதி வைத்திருக்கிறார்கள்:

விலை நகர்வு ≈ தினசரி ஏற்ற இறக்கம் × √(ஆர்டர் ÷ ஒரு நாள் வர்த்தகம்)

தினசரி ஏற்ற இறக்கம் 3 சதவீதம் என்று கொண்டால், 10 கோடி ஆர்டர் விலையை ஏறத்தாழ 5 சதவீதம் தள்ளும். 200 கோடி ஆர்டர் 21 சதவீதம் தள்ளும். விற்கும்போது இதே அடி மறுபடியும் விழும். மாதக்கணக்கில் நீளும் ஆர்டருக்கு இந்த விதி அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் திசை மாறாது.

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "பணம் நெறைய சேந்தா செலவு கொறையுமில்லீங்க?" என்று கேட்டார். சரிதான். ஃபண்ட் வளர வளர நிர்வாகக் கட்டண வரம்பு இறங்கும். சந்தையின் பெரிய பங்குகளை வாங்கும் ஃபண்டுக்கு அது பெரும்பாலும் லாபம். ஸ்மால் கேப்பில் அந்தச் சேமிப்பைச் சந்தையே தின்றுவிடும். ஜோசப் சென் உள்ளிட்ட நால்வர் 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வும் இதைத்தான் கண்டது: அளவு கூடக்கூட வருமானம் குறைகிறது, சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஃபண்டுகளில் அது அதிகம் தெரிகிறது.

வேறு வழியில்லாத மேலாளர் என்ன செய்வார்? 50 நிறுவனங்களின் பங்கு வைத்திருந்தவர் 150, 200 என்று போவார். ஐம்பதாவது நல்ல யோசனையும் நூற்றைம்பதாவது யோசனையும் ஒரே தரமாக இருக்காது. அடுத்து, பணத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு நகர்த்துவார். சந்தை மதிப்பில் 251-ஆவது இடத்திலிருந்து வரும் நிறுவனங்களில் 65 சதவீதம் போட்டால் விதிக்குப் போதும். மீதி 35 சதவீதம் மிட் கேப்புக்கும் லார்ஜ் கேப்புக்கும் ரொக்கத்துக்கும் போகலாம். பெயர் மாறாது, சரக்கு மாறிவிடும். பழைய ஐந்தாண்டு வருமானத்தைப் பார்த்துப் பணம் போடுபவர், அந்த வருமானத்தில் பெரும்பகுதி ஃபண்ட் சின்னதாக இருந்தபோது வந்ததா என்று பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

வெளியே இருந்து கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் பங்குகளின் எண்ணிக்கையையும் ஸ்மால் கேப் சதவீதத்தையும் இரண்டு மூன்று வருடம் பின்னோக்கி ஒப்பிடலாம். 2024 மார்ச் முதல் ஃபண்ட் நிறுவனங்கள் மாதாமாதம் அழுத்தச் சோதனை முடிவையும் வெளியிடுகின்றன: கையிருப்பில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்பது அதில் இருக்கும். முதல் மாதத்திலேயே, பாதியை விற்கப் பெரிய ஃபண்ட் ஒன்று 27 நாள் என்றது, இன்னொன்று 60 நாள் என்றது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விற்கக் கடினமான கடைசி 20 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கே போடுகிறார்கள்.

ஃபண்டே கதவைச் சாத்துவது இன்னொரு அடையாளம். 2023-இல் சில ஸ்மால் கேப் ஃபண்டுகள் மொத்தமாகப் போடும் பணத்தை நிறுத்தி, தவணையாகப் போடும் எஸ்ஐபியை மட்டும் அனுமதித்தன. கட்டண வருமானத்தை விட்டுக்கொடுத்து அப்படிச் செய்யும் நிறுவனத்தை நான் சந்தேகப்படமாட்டேன். 40,000 கோடி தாண்டியும் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம்தான் கேள்வி கேட்பேன்.