ரச் பண்ணுதல்: மாமியின் கடிதத்தில் வந்த ஒரு சொல்

உப்புவெளியில் இருக்கும் மாமி போன கிழமை ஒரு கடித உறை கொடுத்தனுப்பினார். உள்ளே நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று, கொப்பித் தாளில் ஒரு பக்கக் கடிதம். ஓய்வுபெற்ற மாமிக்குப் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைக்கிறார்கள். அழைப்பிதழில் போடப் படம் வேண்டுமாம். கடிதத்தின் நடுவில் இப்படி இருந்தது:

"தம்பி, இந்தப் படத்தைக் கொஞ்சம் ரச் பண்ணித் தா. குறுக்கால ஒரு மடிப்பு விழுந்து போச்சு. காத்துக்கு நெற்றியில பறந்த தலைமயிரையும் எடுத்துவிடு. ஆனால் படத்தைத்தான் திருத்தவேணும், என்னைத் திருத்தாதே. 33 வருசமாய் ஆட்களைத் திருத்தினது நான்."

அழைப்பிதழ் வடிவமைப்பதுதான் என் தொழில். 'ரச்' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். மாமி அதே பந்தியில் 'திருத்து' என்றும் எழுதியிருந்ததால்தான் முதல் தடவையாக அதைப் பற்றி யோசித்தேன்.

தமிழ்நாட்டில் 'டச்' என்று எழுதுவதை இலங்கையில் நாங்கள் 'ரச்' என்று எழுதுவோம், 'ரீச்சர்', 'ரயர்' மாதிரி. திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே 'டச்' என்றால் ஒல்லாந்தர். மாமியின் படம் எடுத்த இடமே டச் பே கடற்கரைதான்.

சொல்லின் முழு வடிவம் 'ரீரச்'. பிரெஞ்சு மொழியின் 'ருதுஷே' ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து நமக்கு வந்தது. 'திரும்பத் தொடு' என்பது நேர்ப்பொருள். அதற்கும் பின்னால் போனால் பேச்சு வழக்கு இலத்தீனில் 'தொக்காரே' என்றொரு சொல், தட்டுவது என்ற பொருளில். தட்டும் ஓசையிலிருந்தே பிறந்ததாகச் சொல்வார்கள். நம்முடைய 'தட்டு' கூட ஓசையைப் போலத்தான் ஒலிக்கிறது, ஆனால் அதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

முதலில் இது ஓவியர்களின் சொல். முடித்த ஓவியத்துக்குத் திரும்பி வந்து தூரிகையால் ஓரிரு இடம் தொடுவது. பிறகு படப்பிடிப்பாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்ள் 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் திருத்திய நெகட்டிவை வைத்துக் காட்டினார்.

அங்கே தொட்டது தூரிகை அல்ல, பென்சில். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் இருண்டிருக்கும் சுருக்கம், நெகட்டிவில் வெளிச்சம் புகக்கூடிய மெல்லிய கோடாக இருக்கும். நன்றாகச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டை மெல்ல மெல்ல நிரப்பினால் அந்த இடத்தில் வெளிச்சம் குறைவாகப் போகும். அச்சில் அந்தச் சுருக்கம் வெளுத்துவிடும். அழிக்க வேண்டியதைக் கோடு போட்டு அழிக்கிற தொழில் அது. வழுவழுப்பான நெகட்டிவில் பென்சில் பிடிக்காது என்பதற்காக முதலில் ஒரு பூச்சும் பூசுவார்கள். பெரிய தகடுகளில்தான் இந்த வேலை சரிவரும். 35 மில்லிமீற்றர் பிலிமில் முகமே பயறளவு. அதில் பென்சில் முனை எங்கே போவது? அதனால் பின்னாளில் அச்சுப்படத்தின் மேலேயே தூரிகையால் புள்ளி வைத்தார்கள்.

ஆக, பெயர் வைத்த நாளிலிருந்தே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. படத்தில் விழுந்த தூசியையும் கீறலையும் போக்குவது ஒன்று. ஆளின் சுருக்கத்தைப் போக்குவது மற்றது. தமிழில் இந்த இரண்டாவது வேலை முதலாவதை விழுங்கிவிட்டது. அதற்குச் சினிமாவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே 'டச்சப்' என்றால் முகத்துக்குப் பவுடர். "ரச் பண்ணுங்கோ" என்று வருபவருக்குக் கேட்காமலே இரண்டு நிறம் வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் தொழிலில் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஒரு மணிவிழா அழைப்பிதழில் ஐயாவின் கன்னத்து மச்சத்தை அழித்துவிட்டு, அவருடைய பேத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மீள்தொடுகை' என்று மொழிபெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. நம்முடைய 'தொடு'வுக்குச் சரிசெய்யும் பொருள் இல்லை. "அதில கை வைக்காதே" என்றால் கெடுக்காதே என்றுதான் அர்த்தம். 'மெருகூட்டல்' என்றும் சொல்கிறார்கள். மெருகு பளபளப்பு, தோல் பிளாஸ்ரிக் போல மினுங்குவதுதான் இந்த வேலையின் பெரிய பிழை, அதையே பெயராக வைப்பானேன்? 'செப்பனிடல்' பொருளில் பொருந்தும், ஆனால் எனக்கு அதில் தார் மணக்கிறது. வீதிக்கு அது நல்ல சொல்.

மாமி எழுதியதே சரி. 'திருந்து' தானாகச் சரியாவது, 'திருத்து' இன்னொன்றைச் சரியாக்குவது. காடு திருத்தி வயலாக்குவதற்கும், ரீச்சர் சிவப்புப் பேனையால் கொப்பி திருத்துவதற்கும், இலங்கையில் சைக்கிளையும் வானொலியையும் பழுதுபார்ப்பதற்கும் இதே சொல்தான். எனவே 'படத் திருத்தம்'. முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை எடுத்து, தாடையை ஒடுக்குவதற்கு 'ஒப்பனை' என்ற பழைய சொல் இருக்கிறது. இரண்டுக்கும் இரண்டு பெயர் இருந்தால் வாடிக்கையாளரிடம் கேட்கவாவது முடியும்.

எது எதில் சேரும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த கிழமை இந்த ஆளைப் பார்த்தால் அது முகத்தில் இருக்குமா? காற்றில் பறந்த தலைமயிர் இருக்காது, எடுக்கலாம். கண்ணுக்குக் கீழே உள்ள கோடு இருக்கும், விட வேண்டும்.

மாமியின் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தேன். அதில் முகமும் தோளும் ஓர் அங்குல அகலம், அதாவது 600 பிக்சல். அழைப்பிதழில் 300 டிபிஐயில் இரண்டு அங்குலத்துக்கு அது போதும். போட்டோஷொப்பில் படத்துக்கு மேலே வெறும் லேயர் ஒன்று வைத்து, `Sample All Layers` தெரிவு செய்து, எல்லாத் திருத்தத்தையும் அதிலேயே செய்தேன். கூடிப் போனால் அந்த லேயரை மட்டும் அழிக்கலாம். நெற்றி மயிருக்கு `Spot Healing Brush` நொடியில் வேலை செய்தது. அது சுற்றியுள்ள நிறத்தையும் வெளிச்சத்தையும் பார்த்துத் தானே கலந்துவிடும்.

மடிப்பில்தான் சிக்கல். அது தோளில் சேலைக் கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதே தூரிகை அங்கே கரையின் சிவப்பை வெள்ளை உடலோடு குழைத்து, ஈரத் துணியில் சாயம் இறங்கினாற் போல ஆக்கிவிட்டது. கலக்கும் கருவியை விளிம்பில் வைத்தால் இப்படித்தான். அங்கே `Clone Stamp`தான் சரி, அது கலக்காமல் அப்படியே பிரதியெடுக்கும். `Alt`ஐ அழுத்திக் கரையின் கோட்டிலேயே தொடக்கப் புள்ளி எடுத்து, அதே கோட்டில் கொண்டுவந்து வைத்தேன். அதிலும் ஒரு மோசம்: கரையில் இருந்த மாங்காய் ஒன்று பக்கத்தில் பக்கத்தில் மூன்று தடவை, அச்சு அசலாக வந்து நின்றது. பெரிதாக்கிப் பார்த்தபோது தெரியவில்லை, அச்சளவுக்குச் சுருக்கியதும் கண்ணில் குத்தியது. இரண்டாவதை அழித்து வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்தேன்.

படத்தின் இடது மூலையில் ஒரு புள்ளி மானின் பின்பக்கம். கோட்டைப் பக்கத்து மான்கள் அங்கே இப்படித்தான் உலாவும். அதைப் பற்றி மாமி ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தை வெட்டிவிட்டேன்.

மாதிரி அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார், கோடுகள் இருந்தன. சேலைக் கரையைப் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. மான் எங்கே?"

"அது வெட்டினது மாமி, திருத்தினது இல்லை."

"அப்ப கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்" என்றார்.