தரையும் முள்ளும்: விளையாட்டில் பிங் கிராஃபைப் படிப்பது எப்படி

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு ராத்திரி போன் செய்தான். “அண்ணே, பிங் 48தான் காட்டுது. ஆனா ஒருத்தனும் நேரா நடக்க மாட்டேங்கிறான், குதிச்சுக் குதிச்சு வர்றான். சுட்டா படவே மாட்டேங்குது.” அவன் விளையாடுவது வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, மும்பை சர்வரில். பிங் என்பது நம் கணினி அனுப்பும் தகவல் சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம். 48 மில்லி விநாடி என்பது நன்றாகவே விளையாடக்கூடிய அளவு. அப்படியானால் கோளாறு எங்கே?

திரையில் தெரியும் அந்த ஒற்றை எண் ஒரு சராசரி. சராசரிக்குள் பல விஷயங்கள் ஒளிந்துகொள்ளும். அதனால் எண்ணை விட்டுவிட்டு கிராஃபைப் பார்க்கச் சொன்னேன். வேலரன்டில் Settings போய், Video பகுதியில் Stats திறந்தால் Network RTT என்ற வரி இருக்கும். அதற்கு Graph Only அல்லது Both கொடுத்தால், உங்கள் கணினியிலிருந்து கிளம்பிய தகவல் சர்வரைத் தொட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பது கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் தொலைந்துபோகும் தகவலைக் காட்டும் Packet Loss வரியையும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

அவன் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பத்து அளவுகளை எழுதிக்கொண்டேன்: 34, 35, 33, 96, 34, 36, 34, 110, 35, 33. கூட்டிப் பத்தால் வகுத்தால் சரியாக 48. ஆனால் இந்தப் பத்தில் ஒன்றுகூட 48 இல்லை. எட்டு முறை 35-ஐ ஒட்டியும், இரண்டு முறை நூறை ஒட்டியும் வந்திருக்கிறது. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் சுமார் 32 வரும். இதுதான் ஜிட்டர். பிங் என்பது தாமதத்தின் அளவு. ஜிட்டர் என்பது அந்தத் தாமதம் எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு.

கிராஃபில் நான் முதலில் பார்ப்பது தரையை. கோடு அடிக்கடி வந்து தங்கும் மிகக் குறைந்த மட்டம் அது. அவனுக்குத் தரை 34. அதிலிருந்து மேலே குத்திக்கொண்டு நிற்பவை முட்கள். தரையின் உயரம் பெரும்பாலும் தூரத்தைச் சொல்லும். முட்கள் வழியில் எங்கோ இருக்கும் நெரிசலைச் சொல்லும்.

தூரம் எப்படிப் பிங்காகிறது? கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,160 கிலோமீட்டர், அதாவது 12 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. மதுரையிலிருந்து கிளம்பும் தகவல் சென்னைக்குப் போய் அங்கிருந்து மும்பைக்குப் போகிறதென்றால், சாலையோரமாக 1,800 கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்கே 18. இடையில் வரும் ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் சேர்க்க, 30-க்கு மேல் வந்துவிடுகிறது. சிங்கப்பூருக்கு என்றால் சென்னையிலிருந்து கடலடிக் கேபிளே 3,000 கிலோமீட்டருக்கு மேல். அதற்கே 30-க்கு மேல், மற்றவை சேர்ந்தால் தரை இன்னும் ஏறும்.

இதனால்தான் சர்வரை வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறேன். அருகில் என்பது கேபிள் வழியாக அருகில் என்றுதான் பொருள். சில இணைய நிறுவனங்களின் வழித்தடத்தில், மும்பைக்குப் போக வேண்டிய தகவல் சிங்கப்பூர் போய்த் திரும்பி வரும். அந்த வீட்டில் மும்பை 120 காட்டும், சிங்கப்பூர் 60 காட்டும். அங்கே சிங்கப்பூர்தான் அருகில். லாபியில் சர்வர் பெயருக்குப் பக்கத்திலேயே பிங் தெரியும், அதை நம்பலாம். ஆனால் அது சொல்வது தரையை மட்டும். முள்ளை விளையாட்டுக்குள் போனால்தான் பார்க்க முடியும்.

முள் ஏன் இவ்வளவு படுத்துகிறது? வேலரன்ட் சர்வர் ஒரு விநாடிக்கு 128 முறை கணக்குப் போடுகிறது, ஏறக்குறைய 7.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. எதிராளி இப்போது எங்கே இருக்கிறான் என்ற செய்தி அந்த வேகத்தில் வந்துகொண்டே இருந்தால் அவன் சீராக நடப்பான். சின்னச் சின்ன ஆட்டத்தைச் சமாளிக்க, வந்த செய்தியில் கொஞ்சத்தை உங்கள் கணினி கையிருப்பாக வைத்துக்கொண்டு சற்றுப் பிந்தித்தான் காட்டுகிறது. ஒரு செய்தி வழக்கத்தைவிட 63 மில்லி விநாடி பிந்தினால், எட்டுக் கணக்குகளுக்கான செய்தி இல்லாமல் போகிறது. கையிருப்பு தீர்ந்துவிடும். கணினி தன் ஊகத்தில் எதிராளியை நடத்தும், பிறகு உண்மைச் செய்தி வந்ததும் சட்டென்று சரியான இடத்துக்கு இழுக்கும். தம்பி பார்த்த குதியாட்டம் அதுதான்.

முள் இல்லாமல் தரை மட்டும் உயர்ந்திருந்தால் அனுபவமே வேறு. எல்லோரும் அழகாகத்தான் நடப்பார்கள். நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகு செத்து விழுவீர்கள், எதிராளியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள் என்பதால். இந்தத் தொல்லைக்குச் சர்வரை மாற்றுவது மருந்து. முள்ளுக்கு அது மருந்தா என்பதை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அவனைச் சிங்கப்பூரில் ஒரு ஆட்டம் போடச் சொன்னேன். தரை 66-க்கு ஏறியது. ஆனால் முட்கள் 128, 141 என்று நின்றன. கழித்துப் பாருங்கள்: மும்பையிலும் தரைக்கு மேல் அறுபது எழுபது, இங்கேயும் அதே அறுபது எழுபது. இரண்டு வழிகளிலும் ஒரே உயர முள் என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். பொதுவான இடம் அவன் வீடும் வீட்டை ஒட்டிய இணைப்பும். அடுத்து, விண்டோஸின் Command Prompt-இல் இதை அடித்து, கூடத்தில் இருக்கும் ரவுட்டரையே கேட்கச் சொன்னேன்:

```
ping -n 100 192.168.1.1
```

சில ரவுட்டர்களுக்கு எண் வேறாக இருக்கும். `ipconfig` அடித்தால் Default Gateway என்ற வரியில் கிடைக்கும். பதில்கள் 3, 3, 4, 64, 3, 71 என்று வந்தன. இரண்டு சுவர் தாண்டி இருக்கும் ரவுட்டருக்கே 71. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே சேனலில் இருந்தால் காத்திருக்க வேண்டும், மோதிக்கொண்டால் மறுபடி அனுப்ப வேண்டும். அந்தக் காத்திருப்புதான் முள்ளாகத் தெரிகிறது. மறுநாள் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கி நேரடியாகச் செருகினான். கோடு 33-இல் படுத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். இந்த முறை கிராஃபில் முள் இல்லை, மேடு. 35-இல் இருந்த கோடு மெல்ல ஏறி, 300-ஐத் தாண்டி, ஒரு நிமிடம்போல அங்கேயே ஆடிவிட்டு இறங்கியது. ரவுட்டருக்குப் பிங் சுத்தமாக 1-க்குள். விசாரித்தால், சித்தியின் போன் கல்யாண வீட்டுப் படங்களை மேகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ், வெளியே போகும் வாசலில் 250 கிலோபைட் வரிசை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் பிட்டுகளை விநாடிக்கு 50 லட்சம் வீதம் அனுப்பினால், கடைசியில் நிற்கும் விளையாட்டுச் செய்தி 400 மில்லி விநாடி காத்துக்கிடக்கும். ரவுட்டரில் வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் க்யூ.ஓ.எஸ். வசதி இருந்தால் அப்லோடை 4 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்தலாம், வரிசை சேராது. அவன் ரவுட்டரில் அது இல்லை. படம் ஏற்றும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: ரவுட்டர் சுத்தம், சிங்கப்பூர் சுத்தம், மும்பையில் மட்டும் முள். அப்போது கோளாறு மும்பைக்குப் போகும் வழியில். வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. வேலரன்டின் Settings-இல் Network Buffering-ஐ Minimum-இலிருந்து Moderate ஆக்கினால் கையிருப்பு கூடி, கொஞ்சம் தாமதத்தை விலையாக வாங்கிக்கொண்டு சிறு முட்கள் மறையும். எழுபது உயர முள்ளுக்கு அது போதாது. அந்த ராத்திரிகளில் நான் தயங்காமல் சிங்கப்பூருக்குப் போய்விடுவேன். 67-இல் அசையாமல் நிற்கும் கோட்டுக்குக் கை பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது.