மானுக்குப் புள்ளி இருக்குதே

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிரதி திருத்துகிறேன். கல்வெட்டு, விழா மலர், மன்றங்களின் ஆண்டு மலர், பிரியாவிடை உரை என்று எது வந்தாலும் சிவப்புப் பேனையோடு உட்காருவேன். அண்மைக் காலமாக ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: “ஆசீர்வதிக்கப்பட்டவளாக உணர்கிறேன்.” கூடவே அதன் தங்கையும் வரும்: “நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.” எங்கள் வீடுகளில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. வாயால் சொல்லும்போது “கோணேசர் காப்பாற்றிப் போட்டார்” என்று சொல்கிறவர்கள்தான், எழுத உட்கார்ந்ததும் இப்படி மாறிவிடுகிறார்கள்.

இந்தச் சொற்களைக் கண்டதும் வெட்டிவிட வேண்டும் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். வெட்டிப் பார்த்தால் பிரதி இன்னும் வெறுமையாகிவிடுகிறது. இப்போது வெட்டுவதில்லை, அடிக்கோடு மட்டும் போடுகிறேன். அந்தச் சொல் நிற்கிற இடத்தில்தான் எழுதியவருக்கு ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. அதைச் சொல்லச் சிரமப்பட்டு ஒரு மூடியைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

போன வருடம் ஓர் ஆசிரியை தங்கள் மன்றத்தின் மலருக்காக ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். தாயாருக்குக் கண்புரை எடுத்த சங்கதி. முதல் பிரதி இப்படி இருந்தது:

“எங்கள் அம்மாவுக்கு மீண்டும் பார்வை கிடைத்த அந்நாள் மறக்க முடியாத பொன்னாள். இறைவனால் ஆசீர்வதிக்கப்பட்டவளாக உணர்கிறேன். உதவிய அனைவருக்கும் என்றென்றும் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். அம்மகிழ்ச்சியை வார்த்தைகளால் விவரிக்க முடியாது.”

இதில் பிழை என்று காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் ‘பார்வை’யை எடுத்துவிட்டு ‘வேலை’ என்று போட்டால் தம்பிக்கு உத்தியோகம் கிடைத்த கதையாகிவிடும். ‘குழந்தை’ என்று போட்டால் அதுவும் பொருந்தும். ஒரு சொல்லை மாற்றினால் வேறொருவர் வீட்டுக்குக் குடிபோகிற பிரதி, அவருடைய அம்மாவைப் பற்றியதாக இருக்க முடியாது.

மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டுவிட்டு, “என்ன உணர்ந்தீர்கள் என்று சொல்ல வேண்டாம் பிள்ளை. கட்டு அவிழ்த்த நாள் விடியற்காலையிலிருந்து என்னென்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கோ” என்றேன். உணர்ச்சியைக் கேட்டால் மறுபடியும் அதே சொற்கள்தான் வரும் என்பது என் அனுபவம். நேரத்தைக் கேட்டால் சம்பவம் வரும்.

முதலில் அவர் எழுதிக் கொண்டுவந்தது எனக்குச் சிரிப்பைத் தந்தது. “கடலலைகள் கரையைத் தழுவ, இளந்தென்றல் வீச” என்று தொடங்கியிருந்தார். “அந்த நேரம் எங்கே நின்றீர்கள்?” என்று கேட்டேன். “வாட்டுக்குள்ளே, ஐயா.” அங்கே தென்றல் எப்படி வந்தது? பழைய சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலங்காரத்தை வைப்பது எல்லோரும் செய்கிற தவறு. விவரம் போலத் தெரியும், ஆனால் அந்த நாளில் நடந்ததாக இருக்காது.

அப்புறம் உண்மையில் நடந்தவை வந்தன, இரண்டு பக்கத்துக்கு. ஐந்தரைக்கே பக்கத்து வீட்டு ஓட்டோக்காரத் தம்பி வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் இலக்கம் பதினேழு கிடைத்தது. கன்டீனில் இடியப்பம் தீர்ந்துபோயிருந்தது. கட்டு அவிழ்த்ததும் அம்மா முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. திரும்பி வரும்போது பேருந்து நிலையத்துப் பக்கம் மான்கள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் அறைச் சுவரைக் காட்டி, “இதுக்கு எப்ப நீலம் அடிச்சீங்க?” என்று கேட்டது. முகட்டில் ஒட்டடையைக் கண்டு ஏசியது.

சுவர் நாலு வருடமாக நீலம்தானாம். புரை விழுந்த கண்வில்லை பழுத்து மஞ்சளாகிவிடும், அதனால் நீல நிறம் மங்கித் தெரியும். வில்லையை மாற்றியதும் நீலம் பளிச்சென்று வருவது பலருக்கும் நடப்பதுதான். அம்மாவுக்கு அந்த விளக்கம் தெரியாது. தனக்குச் சொல்லாமல் யாரோ சுவரை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் போட முடியாது. உண்மை என்பதற்காக ஒரு விவரம் நிற்கத் தேவையில்லை. இலக்கம் பதினேழும் இடியப்பமும் உண்மைதான், ஆனால் அவற்றால் அம்மாவுக்கு ஒன்றும் மாறவில்லை. அவற்றை எடுத்துவிட்டோம். அம்மா புதிதாக எதையாவது காண்கிற இடங்களை மட்டும் வைத்தோம்.

நன்றியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறளில் அந்த அதிகாரத்துக்குப் பெயரே செய்ந்நன்றி அறிதல். நன்றி என்பது அங்கே ஒருவர் செய்த நன்மை, அதை அறிவதுதான் நம் வேலை. அப்படியானால் யார் என்ன செய்தார் என்பது எழுத்தில் வர வேண்டும். “அனைவருக்கும்” என்று எழுதும்போது அதுதான் காணாமல் போகிறது. “உதவிய அனைவரில் ஓராளைச் சொல்லுங்கோ” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, ஓட்டோக்காரத் தம்பி என்றார். அன்று முழுக்கக் காத்திருந்தும் எண்ணெய்க் காசுக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லையாம்.

இரண்டாவது பிரதியின் நடுப்பகுதி இப்படி வந்தது:

“பஸ் நிலையத்துப் பக்கம் நாலைந்து மான்கள் நின்றன. அம்மா ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னா. ‘இதுகளுக்குப் புள்ளி இருக்குதே’ என்றா. இத்தனை வருடமும் அவவுக்கு மான் என்றால் வீதியோரம் அசைகிற ஒரு மண்ணிறம் மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பி இஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். காலை ஐந்தரையிலிருந்து எங்களோடு நின்றவர். எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்கினார்.”

கோட்டைக்குள்ளும் ஊருக்குள்ளும் மான் திரிவது எங்களுக்குப் புதிதில்லை, பாதி நாள் ஹோர்ன் அடித்து விலத்திக்கொண்டு போவோம். ஆனாலும் இதை அச்சகத்தில் பக்கம் கட்டுகிற பையனிடம் வாசிக்கக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தை அவனுக்குத் தெரியாது. “அந்த மகளுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டதற்கு, “பாவம், சந்தோசமும் வந்திருக்கும், இவ்வளவு நாளும் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று குத்தியும் இருக்கும்” என்றான். முதல் பிரதியில் சந்தோசம் மட்டும்தான் இருந்தது, அந்தக் குத்தல் அதில் இல்லை. ஆசிரியையிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம் ஐயா, அதுதான்” என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் பழைய சொல்லை விட்டுவைத்தோம். கட்டு அவிழ்த்தபோது அம்மா “கோணேசப் பெருமானே” என்று சொன்னது அப்படியே இருக்கிறது. அது அன்று அவர் வாயால் வந்தது, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அடுத்தவரின் நாளை எழுதினால் அவருடைய சம்மதம் வேண்டும். பொதுச்சொல் யாருடைய மானத்தையும் வாங்காது, விவரம் வாங்கிவிடும். அடுத்த நாள் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். மானுக்கும் சுவருக்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். ஒட்டடை வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டாராம்.

“முகட்டிலே இருந்ததை அண்டைக்கே அடிச்சிட்டன். உன்ரை கட்டுரையிலே இருக்கிறதையும் அடிச்சு விடு.”

அடித்துவிட்டோம்.